பட்டறையில் நோட்டு, நம்மிடம் டிராக்கர்

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு பக்கம் போனால் பிளாஸ்டிக் மோல்டு செய்து தரும் சிறிய டூல் ரூம்களைப் பார்க்கலாம். இரண்டு சிஎன்சி, ஒரு ஸ்பார்க் மெஷின், பத்துப் பதினைந்து ஆட்கள். ஒரே சமயத்தில் ஐந்தாறு மோல்டு வேலை ஓடும். எது எந்த மெஷினில் நிற்கிறது என்பது ஓனரின் தலையிலும், மேஜை மேல் கிடக்கும் நீள நோட்டிலும் இருக்கும். வாடிக்கையாளரோடு பேச்செல்லாம் வாட்ஸ்ஆப்பிலும் போனிலும்தான். இந்த முறையிலேயே அவர்கள் பல வருடங்களாக நல்ல மோல்டுகள் செய்து தருகிறார்கள். அவர்களுக்கு அது போதும்.

வேலை கொடுக்கும் குழுவின் பழக்கம் வேறு. அங்கே ஒவ்வொரு வேலையும் ஜிரா, ரெட்மைன் மாதிரி ஒரு டிராக்கரில் டிக்கெட்டாக ஏறும். டிக்கெட்டுக்கு ஓர் எண், ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி, வேலை எந்த நிலையில் இருக்கிறது என்ற குறிப்பு. காலையில் திரையைத் திறந்தால் யார் கையில் என்ன இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். வெளியே கொடுத்த மோல்டு மட்டும் அந்தத் திரைக்கு வராது. அதைப் பற்றித் தெரிய வேண்டுமென்றால் யாராவது போன் போட வேண்டும்.

இதற்குப் பலரும் முதலில் நினைக்கும் வழி, டூல் ரூமுக்கும் ஒரு லாகின் கொடுத்துவிடுவது. முதல் வாரம் உள்ளே வந்து பார்ப்பார்கள், அப்புறம் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஐந்து வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். ஐந்து பேருடைய திரையையும் நிரப்பிக்கொண்டிருந்தால் மெஷின் அருகே யார் நிற்பது? வெண்டர் டிராக்கருக்குள் வரமாட்டார் என்பதை முதல் நாளே ஏற்றுக்கொண்டு, அவர் வேலையை நம் டிராக்கரில் எப்படி வைப்பது என்று யோசிப்பதே நடைமுறைக்கு உதவும்.

ஒரு வேலையை முழுதாக எடுத்துப் பார்க்கலாம். வீட்டுத் தண்ணீர் மீட்டரின் அளவைத் தானாக அனுப்பும் ஒரு சிறு கருவி. அதன் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பெட்டிக்கு மேல்மூடி, கீழ்மூடி என இரண்டு பாகம், நடுவே ஒரு ரப்பர் கேஸ்கெட். பெட்டி ஐபி67 சோதனையில் தேற வேண்டும். அதாவது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் புகக் கூடாது. கருவியை வடிவமைக்கும் குழு சென்னையில், மோல்டு செய்பவர் கோவையில். ஆர்டரும் முன்பணமும் போன தேதி ஜூன் 3. முதல் ட்ரையல் சாம்பிள், அதாவது டி1, ஜூலை 22-ல் தருவதாகப் பேச்சு.

முதலில் எழும் கேள்வி, எத்தனை டிக்கெட் போடுவது என்பது. டூல் ரூமில் நடப்பதையெல்லாம் டிக்கெட்டாக்க வேண்டும் என்று கை துறுதுறுக்கும்: ஸ்டீல் வாங்குவது, ரஃபிங், தாமிர எலக்ட்ரோட் செய்வது, ஸ்பார்க், பாலிஷ், பொருத்துவது. போட்டால் முப்பது டிக்கெட் வரும். அவற்றின் நிலையைத் தெரிந்துகொள்ள நமக்கு வழி கிடையாது. ஆகவே யாரோ ஊகித்து நிரப்புவார்கள், ஊகம் திரையில் ஏறியதும் உண்மை மாதிரி தெரியும். அதற்கு டிக்கெட் இல்லாமல் இருப்பதே மேல்.

எதையெல்லாம் டிக்கெட்டாக்க வேண்டும் என்பதற்கு மோல்டு வேலையே ஓர் அளவுகோல் தருகிறது. ஸ்டீலில் இன்னும் கொஞ்சம் வெட்டுவது சுலபம். வெட்டி எடுத்ததைத் திரும்ப வைக்க வேண்டுமென்றால் வெல்டிங் செய்ய வேண்டும், அல்லது அந்த இடத்தைக் குடைந்து தனித் துண்டு பதிக்க வேண்டும். இரண்டுக்கும் காசும் நாளும் ஆகும். மேற்பரப்பில் டெக்ஸ்சர் போட்ட பிறகு அந்த முகத்தில் கை வைப்பது இன்னும் கஷ்டம். இப்படித் திரும்பி வர முடியாத வாசல்கள் ஒரு மோல்டில் சில இருக்கின்றன. ஒவ்வொரு வாசலிலும் ஏதோ ஒரு பொருள் அங்கிருந்து இங்கேயோ, இங்கிருந்து அங்கேயோ கைமாறுகிறது. அந்தக் கைமாற்றங்கள்தான் டிக்கெட்.

நம் பெட்டிக்கு அப்படி எட்டு வருகின்றன. இந்த வடிவத்தை மோல்டில் எடுக்க முடியுமா என்று டூல் ரூம் தரும் ஆய்வுக் குறிப்பு, மோல்டு டிசைனுக்கு நம் ஒப்புதல், பி20 ஸ்டீல் வந்ததற்கான சான்று, டி1 சாம்பிள், டி1 திருத்தங்கள், டெக்ஸ்சருக்கு நம் அனுமதி, இறுதிச் சாம்பிள், கடைசியாக மோல்டும் அதன் வரைபடங்களும் நம் கைக்கு வருவது. பத்து வார வேலைக்கு எட்டு டிக்கெட். ஒவ்வொன்றிலும் எது கையில் வந்தால் முடிந்ததாகக் கொள்வோம் என்று முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும். ஸ்டீல் டிக்கெட்டில் அந்த வரி இப்படி இருக்கும்: ‘மெட்டீரியல் சர்டிபிகேட், வேலை எண் பஞ்ச் செய்த கட்டையின் போட்டோ, இரண்டும்.’ “ஸ்டீல் வந்துருச்சுங்க மேடம்” என்ற போன் பேச்சால் மட்டும் அந்த டிக்கெட் மூடப்படாது.

பொறுப்பாளர் என்ற கட்டத்தில் யார் பெயரைப் போடுவது? பல குழுக்கள் ‘வெண்டர்’ என்று ஒரு பொம்மைப் பயனரை உருவாக்கி அதன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிடுகின்றன. அந்தப் பயனர் காலைக் கூட்டத்துக்கு வருவதில்லை, நினைவூட்டல் மெயிலைப் படிப்பதும் இல்லை. எட்டு டிக்கெட்டுக்கும் நம் ஆள் ஒருவர், ஒரே ஒருவர், பொறுப்பாக இருக்க வேண்டும். மோல்டு செய்வது அவர் வேலை கிடையாது. அது எங்கே இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும், வந்ததும் சரிபார்க்க வைப்பதும் அவர் வேலை. நம் கதையில் அது திட்டப் பொறியாளராக இருக்கும் ஓர் இளம்பெண்.

நிலைகளும் அதிகம் வேண்டாம். பந்து யார் கையில் என்று காட்டினால் போதும்: எங்களிடம், வெண்டரிடம், வந்தது–சரிபார்ப்பில், ஏற்றது. நிலை மாறும்போதெல்லாம் டிராக்கர் தானாக நேரம் குறித்து வைக்கும். இது எவ்வளவு முக்கியம் என்பது தாமதம் வரும்போதுதான் புரியும். டூல் ரூம் மோல்டு டிசைனை ஜூன் 12-ல் அனுப்பியது. டிக்கெட் ‘எங்களிடம்’ என்று மாறியது. டிசைனர் வேறொரு வேலையில் மாட்டிக்கொண்டதால் ஒப்புதல் ஜூன் 20-ல்தான் போனது. எட்டு நாள். ஜூன் கடைசியில் டி1 தேதி ஜூலை 29-க்குத் தள்ளியபோது, “வெண்டர் ஒரு வாரம் லேட்” என்று கூட்டத்தில் எழுந்த பேச்சுக்கு டிக்கெட்டின் வரலாறே பதில் சொன்னது. அந்த ஒரு வாரம் சென்னையில் கழிந்த வாரம். ஒப்புதல், பர்சேஸ் ஆர்டர், பில் தொகை, மாதிரி கேஸ்கெட் என்று நாம் கொடுக்க வேண்டியவையும் டிக்கெட்டாக இருந்தால்தான் கணக்கு நியாயமாக இருக்கும். வெளியாரின் தாமதம் என்று நினைப்பதில் கணிசமான பங்கு உள்ளே கிடக்கிறது என்பதைப் பார்க்கத் தயாராக இல்லாத குழுவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்காது.

அடுத்தது தேதி. இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இங்கேதான். ஜிராவில் இயல்பாக வரும் கெடு தேதிக் கட்டம் ஒன்றுதான். வெண்டர் ஜூலை 22 என்கிறார், அதைப் போடுகிறோம். பிறகு 29 என்கிறார், மாற்றுகிறோம். அப்புறம் ஆகஸ்ட் 5, மறுபடி மாற்றுகிறோம். மாற்றிய ஒவ்வொரு முறையும் டிக்கெட் கெடுவுக்குள் இருப்பதாகவே திரை காட்டும். சிவப்பு எங்கும் எரியாது. இரண்டு வாரம் போயிருக்கும், யாருக்கும் உறைக்காது.

அதனால் இரண்டு தேதி வேண்டும். ஒன்று, அவர் தருவதாகச் சொன்ன தேதி. மற்றது, நமக்கு எப்போது வந்தாக வேண்டும் என்ற தேதி. இரண்டாவதை வெண்டரிடம் கேட்டு வாங்க முடியாது. நம் வேலையிலிருந்து பின்னோக்கி எண்ணி வர வேண்டும். சோதனைக் கூடத்தில் ஐபி67-க்கு ஆகஸ்ட் 18 பதிவாகியிருக்கிறது. அதற்கு முன் சாம்பிளை அளக்க, சர்க்யூட் போர்டு பொருத்த, ஒட்டிப் பார்க்கப் பத்து நாள். ஆகவே ஆகஸ்ட் 8-க்குள் டி1 வந்தே தீர வேண்டும். சோதனைத் தேதி மாறினால் ஒழிய இந்தத் தேதியை யாரும் தொடக் கூடாது. இப்போது இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்க்கலாம். ஜூலை 22 என்றபோது 17 நாள். 29 என்றதும் 10. ஆகஸ்ட் 5 என்றபோது மூன்றே நாள். வெண்டர் எத்தனை நாள் தாமதம் என்பதைவிட நம் கையில் எத்தனை நாள் மிச்சம் என்பதைத்தான் கூட்டத்தில் பேச வேண்டும். பத்து நாள் இருந்தபோதே சோதனைக் கூடத்தில் இன்னொரு தேதி காலியா என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். மூன்று நாள் ஆன பிறகு கேட்டால் பயன் குறைவு.

சொன்ன தேதி மாறும்போது பழையதை அழித்து எழுதலாம், ஜிராவில் வரலாறு தங்கும். ஆனால் காரணம் தங்காது. ஒரு வரி குறிப்பு சேர்க்க வேண்டும்: ‘ஜூலை 14, ஓனர் போனில்: ஸ்பார்க் மெஷினில் வேறு கம்பெனி வேலை, நம் கேவிட்டி அடுத்த வாரம்தான் ஏறும். டி1 ஆகஸ்ட் 5.’ யார், எப்போது, எந்த வழியில் சொன்னார் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்கின்றன. பேசி முடித்த அன்றே எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் ‘வேலை நடக்கிறது’ என்ற அளவுக்குச் சுருங்கிவிடும். மெயிலில் பேசுபவர் என்றால் இன்னும் எளிது. உள்வரும் மெயில் வசதியை அமைத்து வைத்து, தலைப்பில் `MTR-41` என்று டிக்கெட் எண்ணைப் போட்டு எழுதினால், அதே தலைப்பில் வரும் பதில் நேராக அந்த டிக்கெட்டில் குறிப்பாக விழும். வாட்ஸ்ஆப் பேச்சைக் கையால்தான் ஏற்ற வேண்டும்.

மௌனத்தைக் கண்டுபிடிக்கவும் ஒரு கட்டம் வேண்டும். கடைசியாக வெண்டரிடமிருந்து எப்போது தகவல் வந்தது என்ற தேதி. டிக்கெட் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதை டிராக்கரே சொல்லுமே என்று தோன்றலாம். அதை நம்ப முடியாது. நம் ஆட்கள் ஒரு லேபிள் மாற்றினாலும், ‘ஏதாவது தெரிந்ததா?’ என்று கேட்டு எழுதினாலும் அந்தத் தேதி புதிதாகிவிடும். டூல் ரூம் மூன்று வாரமாகப் பேசியிருக்காது, டிக்கெட்டோ நேற்றுத் தொட்டதாகக் காட்டும். தனிக் கட்டம் இருந்தால், ஏழு நாளாகத் தகவலே இல்லாதவற்றை இப்படித் தேடி எடுக்கலாம்:

```
project = MTR AND status = "With vendor"
AND ("Last heard" <= -7d OR "Last heard" is EMPTY)
ORDER BY "Promised" ASC
```

இரண்டாவது வரியின் பின்பாதியை விட்டுவிடக் கூடாது. ஒருமுறைகூட நிரப்பாத டிக்கெட், தேதி ஒப்பீட்டில் அகப்படாமல் நழுவிவிடும். கவலைப்பட வேண்டியதே அதற்குத்தான்.

போன் பேச்சில் கேட்கும் கேள்வியும் பதிலின் தரத்தைத் தீர்மானிக்கிறது. “எவ்வளவு முடிஞ்சிருக்குங்க?” என்றால் “எண்பது பர்சென்ட் ஆச்சுங்க” என்று வரும். அடுத்த வாரமும் அதேதான். பட்டறைக்காரர் ஏமாற்றுகிறார் என்று இதற்கு அர்த்தமில்லை. மெஷின் வேலை முடிந்தது அவர் கணக்கில் பெரிய பங்கு. பாலிஷும் பொருத்தலும் ட்ரையலும் மிச்சம் இருக்கிறதே என்பது நம் கணக்கு. பொருளைக் கேட்க வேண்டும். “கேவிட்டி இன்செர்ட்டை ஸ்கேல் வெச்சு ஒரு போட்டோ அனுப்புங்கண்ணா” என்றால் வருவது தெளிவாக இருக்கும். போன வாரப் போட்டோவையும் இந்த வாரப் போட்டோவையும் டிக்கெட்டில் பக்கத்தில் வைத்தால், ரிப் பள்ளங்கள் விழுந்திருக்கின்றனவா, கட்டை அப்படியே கிடக்கிறதா என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

டிராக்கரில் இன்னும் ஒரு கட்டம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: வெண்டர் எந்த ரிவிஷனில் வேலை செய்கிறார். நாம் அனுப்பிய ரிவிஷன் வேறு, அவர் எடுத்துக்கொண்ட ரிவிஷன் வேறாக இருக்கலாம். நம் பெட்டியில் ஜூன் 25-ல் டிசைனர் ஒரு ஸ்க்ரூ பாஸை ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்தினார். ரிவிஷன் சி ஃபைலை நேரே ஓனரின் வாட்ஸ்ஆப்புக்கு அனுப்பினார், கட்டைவிரல் உயர்ந்து பதிலும் வந்தது. டிசைனர் அதோடு முடிந்தது என்று நினைத்தார். டிக்கெட்டில் ‘வெண்டர் ரிவிஷன்’ கட்டம் மட்டும் இன்னும் பி என்றே இருந்தது, ஏனென்றால் அதை மாற்றுவதற்கு ஒரு விதி உண்டு: வெண்டர் தன் வாயால் ரிவிஷன் எழுத்தைச் சொன்னால்தான் மாற்றலாம், கட்டைவிரலுக்கு மாற்றக் கூடாது. திங்கட்கிழமை வழக்கமான போனில் பொறியாளர் அதைக் கேட்டார்.

“அண்ணா, கோர் ப்ரோக்ராம் எந்த ஃபைல்ல போட்டிருக்கீங்க?”

“மெயில்ல வந்ததுதாங்க மேடம்.”

“அது பி ஆச்சே. வாட்ஸ்ஆப்புல சி வந்துச்சே?”

“அட, அதைப் பையன்கிட்ட இன்னும் குடுக்கலீங்க. இருங்க, நாளைக்குத்தான் மெஷின்ல ஏத்தறதா இருந்துச்சு.”

பிளாஸ்டிக்கில் பாஸ் என்றால் ஸ்டீலில் அது ஒரு குழி. தவறான இடத்தில் குழி விழுந்த பிறகு ஒன்றரை மில்லிமீட்டர் நகர்த்துவது என்றால் பழைய குழியை அடைத்து, அருகில் புதிதாகப் போட வேண்டும். டி1 சாம்பிள் வந்து, ஸ்க்ரூ உட்காராமல் போய், அப்புறம்தான் இது தெரிந்திருக்கும். அன்று போனை வைத்ததும் பொறியாளர் ஓனருக்கு ஒரு செய்தி அனுப்பினார்: ‘கோர், கேவிட்டி இரண்டும் ரிவிஷன் சி ஃபைலில் மட்டும். பி ஃபைலை அழித்துவிடவும். சரி என்றால் “சி” என்று பதில் போடவும்.’ பதில் வந்ததும் கட்டம் மாறியது. அது முதல் ஃபைல் அனுப்பும் வழியும் ஒன்றானது: டிசைனர் நேராக அனுப்புவதில்லை, டிக்கெட் வழியாகப் பொறியாளரே அனுப்புகிறார், ஃபைலின் பெயரிலேயே ரிவிஷன் எழுத்து இருக்கிறது.

ஆகஸ்ட் 5-ல் கூரியர் பெட்டி வந்தது. இந்த இடத்தில் டி1 டிக்கெட்டை மூடிவிடும் ஆசை எல்லோருக்கும் வரும். மூடக் கூடாது. ‘வந்தது–சரிபார்ப்பில்’ என்ற நிலை இதற்காகத்தான். ஐந்து சாம்பிளை எடுத்து, முன்பே குறித்து வைத்த பன்னிரண்டு அளவுகளை அளந்து, கேஸ்கெட் வைத்து மூடிப் பார்க்க இரண்டு நாள் ஆயிற்று. நான்கு குறைகள் தெரிந்தன: பார்ட்டிங் லைனில் மெல்லிய பிசிறு, ரிப்புக்கு நேர் பின்னால் மேற்பரப்பு உள்வாங்கிய சிங்க் மார்க், ஒரு எஜெக்டர் பின்னின் தடம் மேடாக நிற்பது, கேஸ்கெட் பள்ளம் ஆழம் போதாமல் மூடி முழுதாக உட்காராதது. நான்காவது நம் வரைபடத்தின் தவறு. நான்கும் துணை டிக்கெட்டுகளாக டி1 திருத்தங்கள் என்பதன் கீழ் போயின. நான்காவதற்கு டிசைனர் பொறுப்பு, நிலை ‘எங்களிடம்’. பள்ளத்துக்கு ஏற்ப ஸ்டீலில் நிற்கும் மேட்டை உயர்த்த வேண்டும். அது வெறும் வெட்டு வேலையில் முடியாது, தனித் துண்டு பதிக்க வேண்டும். ஆகவே அந்தச் செலவு நம்முடையது என்று அதே டிக்கெட்டில் எழுதப்பட்டது. சோதனைக் கூடத்துக்கு அந்த ஐந்தில் இரண்டின் பள்ளத்தைக் கையால் ஆழப்படுத்தி அனுப்பினார்கள், ஆகஸ்ட் 18 தவறவில்லை.

வெண்டருக்குப் போனது ஒரே ஒரு தாள். போட்டோ நான்கு, ஒவ்வொன்றிலும் குறையைச் சுற்றி வட்டம், பக்கத்தில் டிராக்கரில் உள்ள அதே எண். ஓனர் அதைப் பிரிண்ட் எடுத்து மெஷின் பக்கத்துச் சுவரில் ஒட்டிவிட்டார். ஒன்று முடிந்ததும் பேனாவால் டிக் அடித்துப் போட்டோ எடுத்து அனுப்புவார், பொறியாளர் அந்த எண்ணின் நிலையை மாற்றுவார். டிராக்கர் என்ற ஒன்று இருப்பதே அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் ஒரே எண்ணைச் சொல்லிப் பேசுகிறார்கள், அதுதான் தேவை. “அந்த மூணாம் நம்பர் ஆச்சுங்க மேடம்” என்றால் எஜெக்டர் பின் என்று இங்கே எல்லோருக்கும் புரியும்.

பணத்தையும் இதே கயிற்றில் கட்டலாம். பாதி முன்பணம், டி1 வந்ததும் முப்பது சதவீதம், இறுதிச் சாம்பிளை ஏற்றதும் மிச்சம் என்று பேசியிருந்தால், அந்த இரண்டு தொகைக்கும் தனி டிக்கெட், பொறுப்பாளர் கணக்குப் பிரிவு. டி1 பணம் பத்து நாள் தங்கினால் நம் மோல்டு மெஷினிலிருந்து இறங்கி, பணம் கொடுத்தவருடையது ஏறும். பட்டறை அப்படித்தான் ஓட முடியும்.

இரண்டு வார ஸ்பிரின்ட்டாக வேலையைப் பிரிக்கும் குழுக்கள் இந்த எட்டு டிக்கெட்டையும் அதற்குள் திணிக்கக் கூடாது. ஒவ்வொரு ஸ்பிரின்ட் முடிவிலும் முடியாத வேலையாக உருண்டு அடுத்ததற்குப் போய், குழுவின் சொந்தக் கணக்கைக் குழப்பும். தனிப் பலகையில் இருக்கட்டும். சாம்பிள் அளப்பது, டிசைன் சரிபார்ப்பது என்ற நம் வேலைகள் மட்டும் ஸ்பிரின்ட்டுக்கு வரட்டும்.

இந்த ஏற்பாட்டால் முடியாதவையும் உண்டு. கோவையில் ஸ்பார்க் மெஷினில் எந்த வேலை ஏறப்போகிறது என்பதை டிராக்கரால் மாற்ற முடியாது. அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒருவர் நேரில் போய் நிற்பது மேல். பதிவுகளை எடுத்துக்கொண்டு போய் “பாருங்க, 14-ம் தேதி இப்படிச் சொன்னீங்களே” என்று நீட்டினால், அந்த ஓனர் அடுத்த முறை தேதியே சொல்லமாட்டார். மெஷின் நின்றுபோனதையும் சொல்லமாட்டார். அந்தக் குறிப்புகள் நம் திட்டத்தைச் சரிசெய்ய எழுதியவை, அவரைக் கூண்டில் ஏற்ற எழுதியவை கிடையாது.

எட்டாவது டிக்கெட்டைப் பலர் மறந்துவிடுகிறார்கள். சாம்பிள் நன்றாக வந்ததும் மனம் உற்பத்திக்குப் போய்விடும். மோல்டின் 2டி, 3டி வரைபடங்கள், உதிரிப் பின்களின் பட்டியல், எலக்ட்ரோடுகள் யாரிடம் இருக்கும் என்ற எழுத்து, இவை வந்த பிறகே கடைசித் தொகைக்கான டிக்கெட் நகர வேண்டும். இரண்டு வருடம் கழித்து ஒரு பின் உடைந்தால், அதே அளவில் இன்னொன்று செய்ய அந்தத் தாள்தான் உதவும்.

எட்டும் மூடியதும் அவற்றை அப்படியே நகலெடுத்து அடுத்த மோல்டுக்கு வைத்துக்கொள்ளலாம், இந்த முறை உண்மையில் ஆன நாட்களோடு. டிசைன் ஒப்புதலுக்கு நமக்கு எட்டு நாள் ஆகிறது, இந்த டூல் ரூமில் ஸ்பார்க் வேலை ஒரு வாரம் தள்ளும் என்று இப்போது எழுத்தில் இருக்கிறது. பேட்டரி மூடிக்கான அடுத்த ஆர்டரைப் பேசும்போது ஓனர் ஏழு வாரம் என்றார். பொறியாளர் ஒன்பது வாரத்துக்குத் திட்டம் போட்டுவிட்டு, ஒப்புதல் டிக்கெட்டில் டிசைனர் பெயருக்கு நேரே மூன்று நாள் கெடு வைத்தார்.